வங்கியில் விகிதத்தைப் பூட்டிய பிறகும் ஏன் நட்டம் எழுத வேண்டும்?

கேள்வி: தேக்காவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து 50,000 அமெரிக்க டாலருக்கு எவர்சில்வர் பாத்திரங்கள் வரவழைத்தேன். பிப்ரவரியில்தான் பணம் கட்ட வேண்டும் என்பதால், நவம்பரிலேயே வங்கியில் டாலருக்கு 1.2940 வெள்ளி என்று முன்பேர ஒப்பந்தம் போட்டுவிட்டேன். கடைக் கணக்கு எழுதுபவர் சரக்கை 64,700 வெள்ளி என்று பதிந்தார். ஆண்டுக் கணக்கை முடித்துத் தரும் கணக்காளரோ அது தவறு என்கிறார். டிசம்பர் 31 அன்று ஒப்பந்தத்தின் பேரில் 550 வெள்ளி நட்டமும் எழுத வேண்டுமாம். பணமே கட்டாதபோது நட்டம் எங்கிருந்து வந்தது?

பதில்: கணக்காளர் சொல்வதே சரி. ஆனால் அந்த 550 வெள்ளியை மட்டும் பிரித்துப் பார்த்தால் அநியாயமாகத்தான் தோன்றும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் இன்னொரு பதிவையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பாத்திரம் அனுப்பியவரிடம் நீங்கள் பட்டிருக்கும் கடன் ஒன்று, வங்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் வேறொன்று. முன்னது டாலரில் உள்ள கடன். பின்னது, குறித்த நாளில் 64,700 வெள்ளி கொடுத்து 50,000 டாலர் வாங்கிக்கொள்வதாக நீங்கள் கொடுத்த உறுதி. சரக்கு வராமலே போனாலும் அந்த உறுதி நிற்கும். ஆகவே சிங்கப்பூர் நிதி அறிக்கைத் தரங்கள் இரண்டையும் தனித்தனியாகவே பதியச் சொல்கின்றன: கடனுக்குத் தரம் 21, ஒப்பந்தத்துக்குத் தரம் 109. ஒப்பந்த விகிதத்திலேயே சரக்கை எழுதுவது பழைய பிரிட்டிஷ் கணக்கு வழக்கில் அனுமதிக்கப்பட்டிருந்தது. உங்கள் கடைக் கணக்கு எழுதுபவர் அந்த வழியில் பழகியவராக இருக்கலாம். இன்றைய தரங்களில் அதற்கு இடமில்லை.

நீங்கள் அனுப்பிய தாள்களில் உள்ள விகிதங்களையே வைத்துப் பார்ப்போம். ஒப்பந்தம் போட்ட நவம்பர் 14 அன்று சந்தையில் உடனடி விகிதம் 1.3000. வங்கி உங்களுக்கு அதைவிடக் குறைவாக 1.2940 கொடுத்தது சலுகையன்று. டாலருக்கான வட்டி வெள்ளிக்கான வட்டியைவிட உயர்ந்திருக்கும்போது, பின்னால் ஒரு நாளுக்குப் பேசும் டாலரின் விலை அந்த வட்டி வித்தியாசத்தின் அளவுக்குக் குறைந்தே இருக்கும். அன்றைய சந்தை விலையிலேயே ஒப்பந்தம் போடப்பட்டதால் அதன் மதிப்பு அன்று ஏறத்தாழ சுழியம்தான். பேரேட்டில் தொகை எதுவும் ஏறாது. ஒப்பந்த எண்ணையும் தொகையையும் முதிர்வு நாளையும் குறித்து, வங்கியின் உறுதிச் சீட்டைக் கோப்பில் வைத்தால் போதும்.

சரக்கு உங்கள் பொறுப்புக்கு வந்த டிசம்பர் 1 அன்று உடனடி விகிதம் 1.2980. எனவே சரக்குக் கணக்கில் 64,900 வெள்ளி பற்று, கடனீந்தோர் கணக்கில் அதே தொகை வரவு. இதற்குப் பிறகு நாணய விகிதம் எப்படி மாறினாலும் சரக்கின் அடக்கவிலை 64,900 வெள்ளியாகவே நிற்கும். கடன் மட்டும் விகிதத்தோடு ஏறி இறங்கும். இறக்குமதியின்போது கட்டிய பொருள் சேவை வரிக்கும் உங்கள் ஒப்பந்த விகிதத்துக்கும் தொடர்பில்லை. சுங்கத்துறை ஏற்கும் மாற்று விகிதத்தில் கணக்கிட்டு இறக்குமதி அனுமதிச் சீட்டில் காட்டியுள்ள தொகையையே நீங்கள் உள்ளீட்டு வரியாகக் கோர வேண்டும்.

டிசம்பர் 31 அன்று உடனடி விகிதம் 1.2860 ஆக இறங்கியிருந்தது. உங்கள் கடன் 64,300 வெள்ளியாகக் குறைந்தது; 600 வெள்ளி இலாபம். அதே நாளில், பிப்ரவரி 13 அன்று முதிரும்படி ஒருவர் புதிதாக ஒப்பந்தம் போட்டிருந்தால் 1.2830 வெள்ளிக்கு டாலர் கிடைத்திருக்கும். நீங்களோ 1.2940 கொடுக்கக் கட்டுப்பட்டிருக்கிறீர்கள். டாலருக்கு 0.0110 வீதம் 50,000 டாலருக்கு 550 வெள்ளி என்பதே ஒப்பந்தத்தின் அன்றைய நியாய மதிப்பு. அது உங்களுக்கு ஒரு பொறுப்பு. கணக்காளர் எழுதச் சொன்னது இதைத்தான்: இலாப நட்டக் கணக்கில் 550 பற்று, முன்பேர ஒப்பந்தப் பொறுப்பில் 550 வரவு. ஆறு வாரமே மீதியிருப்பதால், பிப்ரவரித் தொகையை டிசம்பர் மதிப்புக்குக் குறைத்துப் போடும் தள்ளுபடிக் கணக்கை நான் விட்டுவிட்டேன்; வித்தியாசம் ஓரிரு வெள்ளிதான். 600 இலாபமும் 550 நட்டமும் எதிரெதிரே நிற்க, அந்த ஆண்டில் நிகரமாக மிஞ்சுவது 50 வெள்ளி இலாபம்.

இந்த 1.2830 என்ற எண்ணில்தான் பலர் தவறுகிறார்கள். ஏதாவது ஒரு வலைத்தளத்தில் அன்றைய உடனடி விகிதத்தைப் பார்த்து, 1.2860 என்று போட்டு, 400 வெள்ளி நட்டம் என்று எழுதிவிடுவார்கள். ஒப்பந்தத்தை அதன் முதிர்வு நாளுக்கு உரிய விகிதத்தில்தான் மதிப்பிட வேண்டும். ஆண்டு முடிவு மதிப்பீட்டுக் கடிதம் கேட்டால் வங்கி அனுப்பிவைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டே பதிவு செய்யுங்கள்.

பிப்ரவரி 13 அன்று உடனடி விகிதம் 1.2900. முதலில் கடனை 64,500 வெள்ளிக்கு உயர்த்துங்கள். 200 வெள்ளி நட்டம். முதிர்வு நாளில் ஒப்பந்தப் பொறுப்பு 1.2940க்கும் 1.2900க்கும் உள்ள வித்தியாசமாகிய 200 வெள்ளிக்குச் சுருங்கிவிடும். ஆகவே 350 வெள்ளி இலாபம். அடுத்து வங்கி உங்கள் வெள்ளிக் கணக்கில் 64,700 எடுத்துக்கொண்டு டாலர் கணக்கில் 50,000 டாலர் சேர்க்கும். டாலர் கணக்கில் 64,500 பற்று, ஒப்பந்தப் பொறுப்பில் 200 பற்று, வெள்ளிக் கணக்கில் 64,700 வரவு. அந்த டாலரை ஏற்றுமதியாளருக்கு அனுப்பியதும் கடன் தீரும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் உங்களுக்குக் கிடைத்த இலாபம் 200 வெள்ளி: 64,900 என்று எழுதிய சரக்குக்கு 64,700 வெள்ளிதான் கையை விட்டுப் போயிருக்கிறது. எல்லாப் பதிவும் சரியென்றால் ஒப்பந்தக் கணக்கில் ஒரு காசும் மிஞ்சியிருக்கக் கூடாது. மிஞ்சினால் டிசம்பர் பதிவையே முதலில் தேடுங்கள்.

ஒப்பந்தத்தைக் காப்பாகக் கொண்டு கணக்கு வைக்கும் தனி முறையும் உண்டு. அதற்கு உரிய ஆவணத்தை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். பிறகு எழுதி முன்தேதியிட முடியாது. ஒரே சரக்குக்கு ஒரே ஒப்பந்தம் போடும் உங்கள் கடைக்கு அது தேவையற்ற சுமை என்பது என் கருத்து.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் விலைப்பட்டியல் கையில் வருவதற்கு முன்பே முழு ஆர்டர் தொகைக்கும் ஒப்பந்தம் போட்டார். சரக்கு குறைவாக வந்தது. மீந்த டாலரை வங்கி அன்றைய சந்தை விலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. டாலர் இறங்கியிருந்ததால் வித்தியாசத்தை அவர் ரொக்கமாகக் கட்ட நேர்ந்தது. அதை அவர் சரக்கின் அடக்கவிலையில் சேர்த்திருந்தார். அது சரக்கின் விலையன்று, ஒப்பந்தத்தின் நட்டம். இலாப நட்டக் கணக்குக்கே போக வேண்டும். கப்பல் தாமதமாகி முதிர்வு நாளை நீட்டினாலும் அப்படித்தான்: பழைய ஒப்பந்தத்தை அன்றைய விகிதத்தில் முடித்து, புதிய விகிதத்தில் இன்னொன்று தொடங்கியதாக இரண்டு பதிவுகள் எழுதுங்கள். நீட்டிக்கும் நாளில் வங்கி தரும் தாளில் இரண்டு விகிதங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.