மடக்குக் கொலுப்படி: கோலத்துக்கு ஒன்று, வடிவத்துக்கு ஒன்று, கொண்டிக்கு ஒன்று

கேள்வி: பாலிடெக்னிக்கில் பொருள் வடிவமைப்பு படித்தேன். படிப்பு முடிந்ததும் வீவக வீடுகளுக்காக, மடக்கி அலமாரியில் வைக்கிற மாதிரி ஒரு கொலுப்படி செய்தேன். பக்கப் பலகையில் நானே வரைந்த கோலம் அச்சிட்டிருக்கிறது. விரித்ததும் படிகள் சாயாமல் பூட்டிக்கொள்ள உள்ளே ஒரு புது மாதிரிக் கொண்டி. ஜூன் மாதம் இன்ஸ்டகிராமில் வீடியோ போட்டேன். நவராத்திரிக்கு 80 செட் விற்கப் போகிறேன், பின்னாளில் சென்னையிலும் விற்க ஆசை. காப்பிரைட் தானாகவே இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா, பேட்டன்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கொலுப்படியில் காக்க வேண்டியவை மூன்று: கோலம், படியின் தோற்றம், கொண்டி வேலை செய்யும் விதம். இந்த மூன்றையும் சிங்கப்பூர்ச் சட்டம் வெவ்வேறாகப் பார்க்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு உரிமைகளுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அவசரமாக வேண்டியது அதுதான்.

முதலில் கோலம். காப்பிரைட் எனப்படும் பதிப்புரிமை, நீங்கள் வரைந்த அந்த நேரத்திலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் அதைப் பதிவு செய்ய இடமும் இல்லை, தேவையும் இல்லை. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நிற்கும். ஆனால் பாட்டி காலத்திலிருந்து எல்லாரும் போடுகிற புள்ளிக் கோலத்தை அப்படியே எடுத்திருந்தால் அதில் உங்களுக்கென்று எதுவும் இல்லை. நீங்களாகச் சேர்த்த இழைகளுக்கும் அமைப்புக்கும்தான் உரிமை. தேதியுடன் கூடிய முதல் கிறுக்கல்களையும் கணினிக் கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். யாராவது அந்தக் கோலத்தை வாழ்த்து அட்டையில் அச்சிட்டு விற்றால், உங்களுடையது என்று காட்ட அவைதான் சாட்சி.

சரி, யாரும் கோலத்தைத் தொடவில்லை, படியின் தோற்றத்தை மட்டும் பார்த்து அதேபோல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என் வரைபடம் எனக்குச் சொந்தம், அதைப் பார்த்துச் செய்வது தப்பு என்றுதான் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் நினைக்கிறார்கள். இங்கேதான் 50 என்ற எண் வருகிறது. பயன்பாட்டுப் பொருள் ஒன்றை விற்பனைக்காக 50-க்கு மேல் தயாரித்துவிட்டால், அது தொழில்முறையில் பயன்படுத்தப்பட்ட வடிவம் ஆகிவிடுகிறது. அதன்பிறகு இன்னொருவர் அதே வடிவில் பொருள் செய்தால் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது. பதிப்புரிமையின் நீண்ட ஆயுளை நாற்காலிக்கும் அலமாரிக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அப்படிப்பட்ட பொருளுக்கு வேறு பதிவு வைத்திருக்கிறோம், அங்கே போங்கள் என்கிறது சட்டம். உங்கள் 80 செட் 50-ஐத் தாண்டுகிறது. நவராத்திரி முடியும்போது, படியின் தோற்றத்துக்கு நீங்கள் நம்பியிருந்த பாதுகாப்பு கையில் இருக்காது.

அந்த வேறு பதிவுதான் வடிவமைப்புப் பதிவு. சிங்கப்பூர் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில், அதாவது ஐபோஸில், இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். படியை முன்னால், பின்னால், பக்கவாட்டில், விரித்த நிலையில், மடக்கிய நிலையில் என்று தெளிவாகக் காட்டும் படங்கள் வேண்டும். படத்தில் எது தெரிகிறதோ அதற்குத்தான் உரிமை என்பதால் இதில் அவசரப்படாதீர்கள். பதிவு 5 ஆண்டுகளுக்கு. இரண்டு முறை புதுப்பித்து 15 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. வேலை செய்வதற்காகவே அப்படி இருந்தாக வேண்டிய பாகங்களுக்கு இது கிடைக்காது, கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்குத்தான் கிடைக்கும். அப்புறம், ஐபோஸ் படிவம் சரியா என்றுதான் பார்க்கும், உங்கள் வடிவம் உண்மையில் புதியதா என்று தேடிப் பார்க்காது. சான்றிதழ் வந்த பிறகும், இதே படி முன்பே வேறெங்கோ இருந்தது என்று ஒருவர் நிரூபித்தால் பதிவு ரத்தாகிவிடும்.

வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்கிறபோது உங்கள் ஜூன் வீடியோ இடிக்கும். நல்லவேளையாக, 2017 அக்டோபரிலிருந்து, வடிவமைத்தவரே வெளியிட்டதற்கு 12 மாதச் சலுகைக் காலம் இருக்கிறது. வீடியோ போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் சிங்கப்பூரில் அந்த வீடியோவே உங்களுக்கு எதிராக நிற்காது. அதற்காக மே மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம். உங்கள் படியைப் பார்க்காமல், தானாகவே அதே மாதிரி செய்து வேறொருவர் இடையில் வெளியிட்டால் இந்தச் சலுகை கைகொடுக்காது. இந்தியாவில் வடிவமைப்புக்கு இப்படிப் பொதுவான சலுகை கிடையாது. விண்ணப்பிக்கும் முன் உலகில் எங்கே வெளியிட்டிருந்தாலும் புதுமை போய்விடும். ஆக, வீடியோவில் தெரிந்த தோற்றத்துக்குச் சென்னையில் பதிவுரிமை எதிர்பார்க்காதீர்கள்.

இனிக் கொண்டி. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு பேட்டன்ட், அதாவது காப்புரிமை. அது உலகில் எங்குமே இல்லாத புதியதாக இருக்க வேண்டும், அந்தத் துறையில் கைதேர்ந்தவருக்குச் சுலபமாகத் தோன்றிவிடக் கூடாததாகவும் இருக்க வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை நிற்கும். வழக்கறிஞர் எழுதுவது, தேடல், பரிசோதனை எல்லாம் சேர்த்தால் செலவு பல ஆயிரம் வெள்ளிக்குப் போகும்.

இப்போது உங்கள் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். படி விரிவதும் ‘டக்’ என்று நிற்பதும் மட்டும் தெரிந்தால், கொண்டி இன்னும் வெளியாகவில்லை என்று வாதிட வழி உண்டு. உங்கள் விரல் கொண்டியை அழுத்துவதும், உள்ளே நாக்கு எந்தப் பள்ளத்தில் விழுகிறது என்பதும் தெரிந்து, ஒரு தச்சர் அதைப் பார்த்தே செய்துவிடலாம் என்றால், அது வெளியீடு. சிங்கப்பூரில் காப்புரிமைக்கும் அதே 12 மாதச் சலுகை இருப்பதால் இங்கே பிழைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் கதவு மூடிவிடும், இந்தியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். வீடியோவில் தெரியவில்லை என்றாலும், முதல் செட்டை விற்றதுமே கொண்டி வெளியானதாகிவிடும். வாங்கியவர் திருகைக் கழற்றிப் பார்க்கலாம் அல்லவா? வெளிநாட்டில் காப்புரிமை வேண்டுமானால் நவராத்திரி விற்பனைக்கு முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

அதற்கு முன், உலகக் காப்புரிமை ஆவணங்களைத் தேட உதவும் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற இணையத்தளங்கள் இரண்டிலும் ஒரு வார இறுதி உட்கார்ந்து தேடுங்கள். கொலுப்படி என்று தேடினால் ஒன்றும் வராது, உங்கள் கொண்டி ஒளிந்திருந்தால் மடக்கு மேசையிலும் ஏணியிலும்தான் இருக்கும். மேசை, அலமாரிகளுக்கு A47B, ஏணிகளுக்கு E06C என்ற வகைப்பாட்டுக் குறியீடுகளைப் போட்டுப் பாருங்கள். மடக்கு ஏணிப் பூட்டுகள் குவிந்து கிடக்கும் என்பதால் அதே கொண்டி கண்ணில் பட வாய்ப்பு அதிகம். பட்டால் காப்புரிமைக்குப் பணம் கட்டாதீர்கள், வடிவமைப்புப் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 செட் கொலுப்படிக்காக மட்டும் என்றால், புதியதாகவே இருந்தாலும் நான் காப்புரிமைக்குப் போகச் சொல்ல மாட்டேன். அந்தக் கொண்டியை மடக்கு மேசை, கடைத்தட்டு செய்கிறவர்களுக்கு உரிமம் கொடுத்து விற்கும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அப்போது விளக்கத்தையும் வரைபடங்களையும் கொடுத்து முதல் விண்ணப்பத்தைப் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களை எழுதித் தர 12 மாதம் அவகாசம் உண்டு.

சென்னையில் செலவு குறைவு என்று முதல் விண்ணப்பத்தை அங்கே போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் வசிப்பவர் ஐபோஸின் அனுமதி இல்லாமல் கண்டுபிடிப்புக்கு வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிப்பது குற்றம். ஒன்று, முன்அனுமதி வாங்க வேண்டும். அல்லது இங்கே விண்ணப்பித்து, தடை உத்தரவு எதுவும் வராமல் இரண்டு மாதம் கழிந்த பிறகு அங்கே போக வேண்டும்.

சுங்கை காடுட் பட்டறையில் யாரிடமாவது 80 செட் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், கொண்டியின் வரைபடத்தை நீட்டுவதற்கு முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். இப்போது எங்காவது வடிவமைப்பாளராக வேலை பார்த்தால் உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாகச் செய்தது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குத்தான் போகும். அப்படி இருந்தால் ஐபோஸுக்குப் போகும் முன் பேச வேண்டியது அவரிடம்.