அட்டையில் வாக்கியம் இருக்கும்வரை வழி கேட்க வேலை இல்லை

"திருமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். வழி கேட்பது, வழி சொல்வது பற்றிய பாடத்துக்கு அட்டைகள் எழுதிக் கொடுத்து, ஒருவர் ஊருக்குப் புதியவர், மற்றவர் உள்ளூர்க்காரர் என்று பேச வைத்தேன். தடுமாறாமல் பேசுகிறார்கள். ஆனால் அதே வழியை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பேர் தப்பாகத் திரும்புகிறார்கள். ஓர் ஏஜென்ட் நாலாயிரம் ரூபாய்க்கு அட்டைத் தொகுப்பு தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?" — ஓர் ஆசிரியை

வாங்க வேண்டாம். உங்கள் பிள்ளைகள் பேசவில்லை, வாசிக்கிறார்கள். "எக்ஸ்கியூஸ் மீ, வேர் இஸ் தி பேங்க்?", "கோ ஸ்ட்ரெய்ட் அண்ட் டர்ன் லெஃப்ட்" என்று முழு வாக்கியத்தையும் அட்டையில் எழுதிவிட்டீர்கள் என்றே தோன்றுகிறது. பதில் தன் அட்டையிலேயே எழுதியிருக்கும்போது எதிரில் இருப்பவன் சொல்வதை ஒரு பிள்ளை எதற்காகக் காதில் வாங்க வேண்டும்?

அட்டையில் வாக்கியம் இருக்கக் கூடாது, செய்தி மட்டும் இருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே தெருப்படத்தைக் கொடுங்கள். முதல் அட்டையில் நான்கு கடைகளின் இடம் குறித்திருக்கட்டும். இரண்டாவது அட்டையில் வேறு நான்கு கடைகள். ஒவ்வொரு அட்டையின் அடியிலும், அடுத்தவரிடம் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய நான்கு இடங்களின் பெயர்கள். வேலை இவ்வளவுதான்: கேட்க வேண்டும், கேட்டபடி விரலை நகர்த்த வேண்டும், விரல் நின்ற இடத்தில் கடையின் பெயரை எழுத வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு நோட்டை நிமிர்த்தி வையுங்கள். எட்டிப் பார்க்க முடிந்தால் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்தில் கேட்காது, ஆள்காட்டி விரலை நீட்டிவிடும்.

எந்த ஊர்ப் படம் என்பதும் முக்கியம். சொந்த ஊர்த் தெருவையே வரைந்தால் போதும் என்று பயிற்சிகளில் சொல்லி அனுப்புகிறார்கள். ரேஷன் கடை எங்கே என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த ஊரில் அதை யார் யாரிடம் கேட்பது? உங்களுக்கு மதுரை நகரமே வசதி. வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக இருப்பதால் கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். பெயர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கம், கடைகளை நீங்கள் இஷ்டம்போல் வைக்கலாம்.

இப்போது தப்பாகத் திரும்பும் விஷயம். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆங்கிலம் அல்ல. ஒரு வழியை முழுதாகப் போய்ப் பார்ப்போம். வடக்கு மேலே இருக்கும்படி படத்தை வரையுங்கள். ரயில் நிலையம் காகிதத்தின் இடது ஓரத்தில் வரும். அங்கிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேராகக் கிழக்கே போனால் மேல மாசி வீதி. அங்கே இடதுபக்கம் திரும்பினால் விரல் காகிதத்தில் மேலே ஏறும். மூலையில் வலதுபக்கம் திரும்பினால் வடக்கு மாசி வீதி. அங்கே ஒரு புத்தகக் கடையை வையுங்கள். போகும்போது அவ்வளவாகத் தப்பு வராது. திரும்பி வரச் சொல்லுங்கள். மூலையில் 'டர்ன் லெஃப்ட்', சரியாகவே இறங்குவார்கள். அடுத்து டவுன்ஹால் ரோடு வந்ததும் 'டர்ன் ரைட்'. இங்கேதான் பாதிப் பேர் ரயில் நிலையத்தை விட்டுவிட்டுக் கோவிலின் மேலக் கோபுரத்தை நோக்கிப் போய்விடுவார்கள். காகிதத்தில் கீழ்நோக்கி நடப்பவரின் வலது கை, காகிதத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இடதுபக்கம் அல்லவா வருகிறது?

சந்தேகம் இருந்தால் அதே வழியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "வலதுபக்கம் திரும்பு" என்று சொன்னாலும் அதே பிள்ளை அதே முனையில் தப்பினால், ஆங்கிலப் பாடத்தை மறுபடி எடுப்பதில் பயன் இல்லை. போகும் திசை எப்போதும் தன் நெஞ்சுக்கு நேராக முன்னால் இருக்கும்படி காகிதத்தையே சுழற்றக் கற்றுக் கொடுங்கள். விரலுக்குப் பதில் தீக்குச்சியை வைத்து, மருந்து முனை போகும் திசையைக் காட்டட்டும். தமிழில் சரியாகப் போய் ஆங்கிலத்தில் மட்டும் தப்பினால், அப்போதுதான் லெஃப்ட், ரைட் இன்னும் மனதில் பதியவில்லை என்று பொருள். விரல் போன தடத்தைப் பென்சிலால் கோடு போடச் சொன்னால், எந்த முனையில் பிசகியது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேட்பவர் சும்மா தலையாட்டக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் "டர்ன் லெஃப்ட்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் "யெஸ்" என்ற பிறகே விரல் நகர வேண்டும். 'டேக் தி செகண்ட் ரைட்' போன்றவற்றை இந்தப் பாடத்தில் சேர்க்காதீர்கள். நிற்கும் தெருவையும் சேர்த்து எண்ணுவதா விட்டு எண்ணுவதா என்ற சண்டையிலேயே மணி அடித்துவிடும்.

அட்டையில் தமிழே இருக்கக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கலாம். ஆறாம் வகுப்புக்கு வந்தும் ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதற்கு அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. அவர்கள் அட்டையில் கடைப் பெயருக்குப் பதில் படம் போடுங்கள்: மருந்துக் கடைக்கு மாத்திரை, தபால் நிலையத்துக்குக் கடிதம், வங்கிக்கு ரூபாய்க் குறி. "நீ ரயில் நிலையத்தில் நிற்கிறாய், இந்த நான்கு இடங்களைக் கேட்டுக் கண்டுபிடி" என்ற ஒரு வரியைத் தமிழிலேயே எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பது புரியாமல் ஒரு பிள்ளை விழிப்பதால் ஆங்கிலம் வளரப்போவதில்லை. ஆனால் 'கோ ஸ்ட்ரெய்ட்' என்பதைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதிவிடாதீர்கள். எழுதினால் அதுவும் வாசிக்கும் அட்டை ஆகிவிடும். அந்தச் சொற்களைச் சுவரில் ஒட்டுங்கள், தேவைப்பட்டால் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளைக்கு முதல் சுற்றில் வழி கேட்கும் வேலையையே கொடுங்கள். கேட்டு நகர்த்துவது எளிது, சொல்வது கடினம். இரண்டாம் சுற்றில் அதுவும் சொல்லட்டும்.

அந்த ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி விற்கும் தொகுப்புகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பளபளவென்று லாமினேட் செய்த அட்டைகள், அதில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். நம் பிள்ளை கண்ணால் கண்டிராத பேக்கரித் தெரு, நூலகச் சதுக்கம். இரண்டு அட்டையிலும் எல்லாக் கடைகளும் குறித்தே இருக்கும், அடியில் முழு உரையாடலும் அச்சடித்திருக்கும். நீங்கள் இப்போது தவிக்கும் அதே கோளாறு, நாலாயிரம் ரூபாய் விலையில். ஓர் அட்டையை மூடிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள். கேட்காமலே எல்லா இடமும் தெரிந்தால் அந்தத் தொகுப்பு குப்பை. "மேலிடத்தில் சொல்லி வைத்திருக்கிறோம், எல்லாப் பள்ளியும் வாங்குகிறது" என்று யாராவது சொன்னால், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். பெரும்பாலும் அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

பார்வையிட வருகிறவர்களுக்கு வகுப்பு அமைதியாக இருக்க வேண்டும், நோட்டு நிறைந்திருக்க வேண்டும். இருபது ஜோடிப் பிள்ளைகள் வழி கேட்டால் சத்தம் வரத்தான் செய்யும். அதற்காக வரிசையாக எழுந்து நின்று மனப்பாட உரையாடல் ஒப்பிக்க வைக்கும் பழக்கத்தை ஏன்தான் இன்னும் கட்டிக் காக்கிறார்களோ! நோட்டில் ஏதாவது இருக்க வேண்டுமானால், பென்சில் கோடு போட்ட அந்தப் படத்தையே ஒட்டச் சொல்லுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திட அது போதும்.

நாற்பது பிள்ளைகளுக்கு இருபது ஜோடி அட்டை. ஒரு தாளில் முதல் அட்டை, இன்னொன்றில் இரண்டாவது. ஒவ்வொன்றிலும் இருபது நகல் எடுத்தால் மொத்தம் நாற்பது பக்க ஜெராக்ஸ். அடுத்த வாரம் கடைகளை மாற்றி வைத்து, புறப்படும் இடத்தைக் கீழ வாசலுக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்குவதால், காகிதத்தைச் சுழற்றப் பழகியவர் யார், பழகாதவர் யார் என்று முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும்.