தாம்பாளத்தில் தெரியும் சூரியன்

*கேள்வி: வருகிற 2027 ஆகஸ்ட் 2 ஆடி அமாவாசை அன்று சாயங்காலம் சூரிய கிரகணம் என்கிறார்கள். என் மருமகளுக்கு அப்போது ஆறாம் மாதம். காலையிலிருந்தே அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார் என் மாமியார். பேரப் பிள்ளைகளுக்குத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துக் காட்டலாம், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தார் அந்நேரம் தொழுவோம் என்கிறார்கள், எதிர்வீட்டுக் கிறிஸ்தவர்கள் எங்களுக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இதில் எது நம்பிக்கை, எதை உடம்புக்காகச் செய்ய வேண்டும்?*
*— ஒரு வாசகி, குத்தாலம்*

முதலில் தண்ணீர் விஷயம், அதுதான் அவசரம். சூரிய கிரகணத்துக்கு நாலு ஜாமம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். ஒரு ஜாமம் மூன்று மணி நேரம், ஆக பன்னிரண்டு மணி நேரம். இந்தக் கிரகணம் நம் பக்கத்தில் மாலை 4 மணிக்கு மேல்தான் பிடிக்கிறது. வழக்கத்தை அப்படியே கணக்குப் பார்த்தால் விடியற்காலை நாலு மணிக்கே அடுப்பு அணைந்துவிட வேண்டும். கிரகணம் விட்டு, குளித்து, சமைத்துச் சாப்பிடும்போது இரவு ஏழரை ஆகிவிடும். ஆறு மாதக் கர்ப்பிணி பதினைந்து மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம், தலைசுற்றி விழலாம், அடிவயிறு இழுத்துப் பிடிக்கலாம். கர்ப்ப காலச் சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவராக இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கமே வந்துவிடும். அவர் வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும், தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும். இதில் நடுவழி கிடையாது. மாமியாரிடம் சொல்ல ஒரு வார்த்தையும் இருக்கிறது: குழந்தை, முதியவர், நோயாளி, கர்ப்பிணி ஆகியோருக்கு இந்த விரதத்தில் விலக்கு உண்டு என்று பெரியவர்களே சொல்லி வந்திருக்கிறார்கள். வீட்டு வாத்தியாரைக் கேட்டாலும் அதையே சொல்வார். தர்ப்பணத்தை எந்த நேரத்தில் செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அமாவாசையும் கிரகணமும் ஒரே நாளில் வருவதால் அந்தச் சந்தேகம் பலருக்கும் வரும்.

கத்தி எடுத்தால், வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்ற பயமும் உங்கள் வீட்டில் இருக்கும், கடிதத்தில் எழுதாவிட்டாலும். கருவின் மேலுதடு கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே கூடிவிடுகிறது, அண்ணம் மூன்றாம் மாதத்துக்குள். ஆறாம் மாதத்தில் வருகிற கிரகணம் கூடி முடிந்த உதட்டை எப்படிப் பிரிக்கும்? அந்த நேரத்தில் சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. நிலா குறுக்கே வருவதால் வருகிற வெளிச்சம் குறைகிறது, அவ்வளவுதான். மருமகள் தானாக விரும்பி உள்ளே படுத்து ஓய்வெடுத்தால் நல்லது. கட்டாயப்படுத்தி இருட்டறையில் உட்கார வைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் தர்ப்பை போடுவது நம்பிக்கை, போடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் தர்ப்பை இருக்கிறது என்று நம்பிப் பகல் பன்னிரண்டு மணிப் பாயசத்தை இரவு ஏழு மணி வரை அடுப்பு மேடையிலேயே வைத்தால் கெட்டுப்போகும். அது நம் ஊர் வெப்பத்தின் வேலை, கிரகணம் இல்லாத நாளிலும் அப்படித்தான் ஆகும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் இரவு சூடாக்கிச் சாப்பிடலாம். பழைய சோற்றைத் தொடமாட்டோம் என்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், மதியத்துக்கு மட்டும் அளந்து சமையுங்கள்.

பக்கத்து வீட்டார் தொழுவதற்கு ஒரு சம்பவம் பின்னணியாக இருக்கிறது. நபிகளின் குழந்தை இப்ராஹீம் இறந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தை இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டபோது நபிகள் மறுத்தார்: சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை, கண்டால் தொழுங்கள் என்றார். துக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் இதைச் சொன்னார் என்பதை நினைத்துப் பாருங்கள். கிரகணத் தொழுகை இரண்டு ரக்அத், அதாவது இரண்டு சுற்று. ஷாஃபி வழியில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு முறை ருகூவு குனிவார்கள், ஹனஃபி வழியில் மற்றத் தொழுகைகளைப் போல ஒரு முறை. பாங்கு கிடையாது, தொழுகைக்கு வாருங்கள் என்ற அறிவிப்பு மட்டும். தானமும் கொடுப்பார்கள். இதற்காகப் பட்டினி கிடப்பதில்லை, கர்ப்பிணிக்குத் தனி விதியும் இல்லை. இந்த முறை மக்காவும் ஜித்தாவும் முழுக் கிரகணப் பாதையிலேயே இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது பகுதிக் கிரகணம்தான், சென்னையைவிடத் தென்மாவட்டங்களில் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

எதிர்வீட்டார் சொன்னதும் சரி, கிறிஸ்தவத்தில் கிரகணத்துக்கென்று சடங்கு இல்லை. இயேசு சிலுவையில் இருந்தபோது மூன்று மணி நேரம் இருள் சூழ்ந்ததை அவர்கள் கிரகணமாகக் கொள்வதில்லை. அது நடந்தது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயத்தில். பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வரும், சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே வரும். பௌத்தர்களிடம் ராகு பிடித்த சூரியனும் சந்திரனும் புத்தரைச் சரணடையும் இரண்டு சிறு பாலி சூத்திரங்கள் உண்டு. நம் கோயில்களிலும் எல்லாம் ஒன்றுபோல இல்லை. பல கோயில்கள் நடை சாத்தும், காளஹஸ்தி கோயிலோ திறந்திருக்கும், அந்நேரத்தில் அபிஷேகமே நடக்கும். ஆகவே நடை சாத்தினால்தான் ஆபத்து விலகும் என்று நம் சமயத்துக்குள்ளேயே எல்லோரும் சொல்லவில்லை.

இனி தாம்பாளத்துக்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பட்டினி கிடப்பது ஆபத்து என்று பலருக்கும் தெரியும். மஞ்சள் தண்ணீரில் பார்ப்பதையோ பாதுகாப்பு என்று நம்பியே பெரியவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.

மஞ்சளோ சாணமோ கரைத்தால் தட்டின் அடி தெரியாது, சூரியன் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தப் பிம்பம் உண்டாவது நீரின் மேற்பரப்பில். உள்ளே என்ன கரைத்தாலும் மேற்பரப்பு தன் பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அது எவ்வளவு என்று பாருங்கள். கிரகணக் கண்ணாடி லட்சத்தில் சுமார் 3 பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு 2, அதாவது லட்சத்தில் 2,000. கண்ணாடியில் வருவதைப்போல அறுநூறு மடங்குக்கும் மேல். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியில் வளையக் கிரகணம் தெரிந்தபோது மணி பகல் ஒன்றேகால், சூரியன் உயரத்தில் இருந்தது. அப்போதைக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும்.

2027-இல் நிலைமை இன்னும் மோசம். சூரியன் சாயச் சாயத் தண்ணீர் அதிகமாகத் திருப்பி அனுப்பும். குத்தாலத்தில் அன்று மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 22 பாகை உயரத்தில் இருக்கும், பிம்பத்தில் வருவது நூற்றுக்கு 11. ஐந்தரைக்கு 15 பாகை, நூற்றுக்கு 20-க்கும் மேல். சூரியனில் ஐந்தில் ஒரு பங்கைத் தட்டில் வைத்துப் பிள்ளையிடம் நீட்டுகிறோம். காவிரியில் தண்ணீர் ஓடினால் தர்ப்பணத்துக்கு இறங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மேற்கே பார்த்து நின்று ஆற்றில் விழுந்த சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம்.

இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். தண்ணீர் ஆடுவதால் பிம்பம் ஓரிடத்தில் நிற்காது, கூச்சத்தில் கண்ணும் சுருங்கிவிடும், அதனால் பலர் தப்பியிருக்கலாம். ஆனால் விழித்திரையில் வலி தெரியும் நரம்பு இல்லை, சுடும்போது பிள்ளை அழாது. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்ரே ஃபிலிம், சிடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். கண் கூசாமல் இருட்டாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அவற்றில் பல தடுப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே காட்ட வழி இருக்கிறது, மாலைச் சூரியன் இதற்கு வசதி. ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 5 மில்லிமீட்டர் துளை மட்டும் விடுங்கள். மேற்கு ஜன்னலில் வெயில் படும்படி சாய்த்து வைத்து, வெளிச்சப் பொட்டைக் கூடத்தின் எதிர்ச் சுவருக்குத் திருப்புங்கள். மற்ற ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். பிம்பத்தின் அகலம் தூரத்தில் நூற்றெட்டில் ஒரு பங்கு இருக்கும்: 8 மீட்டருக்கு ஏழரை சென்டிமீட்டர், ஒரு தோசைக்கரண்டித் தலை அளவு. சுவர் 3 மீட்டரில்தான் இருக்கிறது என்றால் துளையை 3 மில்லிமீட்டராகக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஓரம் கலங்கிவிடும். வட்டத்தின் ஓரம் கடிபட்டது போலச் சுவரில் தெரியும், எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுவரை மட்டும்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் கண்ணாடிப் பக்கம் குனிந்தால் நேர்ச் சூரியனே கண்ணில் அடிக்கும், ஆகவே ஜன்னலருகே ஒரு பெரியவர் நிற்கட்டும்.

நேரடியாகப் பார்க்க ஆசை என்றால் ISO 12312-2 என்று அச்சிட்ட கிரகணக் கண்ணாடி வேண்டும். போலியிலும் அதை அச்சிடலாம் என்பதால் வீட்டில் சோதித்துப் பாருங்கள். அணிந்துகொண்டு டியூப் லைட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியக் கூடாது, ஃபோன் டார்ச் மங்கலான புள்ளியாகத் தெரிந்தால் சரி. கீறலோ ஊசித் துளையோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று அணிந்து பிறகு திரும்ப வேண்டும், கழற்றும்போதும் அப்படியே. சிறு முகத்தில் நழுவும், பின்னால் எலாஸ்டிக் கட்டுங்கள். அதை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்த்தால் குவிந்த வெயில் ஃபில்டரையே பொசுக்கிவிடும். முழுக் கிரகணத்தில் சில நிமிடம் கழற்றலாம் என்று படித்திருப்பீர்கள், அது மக்காவுக்கும் எகிப்தின் லக்ஸருக்கும் பொருந்தும். இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நொடிகூடக் கழற்றக் கூடாது, மெல்லிய மேகம் மறைத்தாலும், சூரியன் மஞ்சளாக இறங்கினாலும்.

யாராவது வெறுங்கண்ணால் பார்த்துவிட்டதாகத் தெரிந்தால் மறுநாள் காலை மாதக் காலண்டரைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதியுங்கள். கட்டக் கோடு வளைந்து தெரிந்தாலோ, பார்க்கும் தேதியின் மேலேயே ஒரு கறுப்புப் பொட்டு நின்றாலோ, ஒரு கண்ணில் மட்டும் எழுத்து மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்டி விழித்திரை ஸ்கேன் எடுங்கள். இதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை, சில மாதங்களில் பலருக்கு ஓரளவு தானாகத் தெளியும், சிலருக்கு அந்தப் பொட்டு நின்றுவிடும். தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.