வீட்டுத் தமிழைத் தவறு என்கிறதே சாட்பாட்!

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம், சொந்த ஊர் மதுரை. 7 வயது மகளுக்கு நாங்கள் பேசுவது புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பேசிப் பழகட்டும் என்று சாட்பாட்டிடம் குரலில் பேசவிட்டோம். "நான் சாப்ட்டேன்" என்றால் "சாப்பிட்டேன் என்பதே சரி" என்று திருத்துகிறது. மூன்றே நாளில் பேசமாட்டேன் என்றுவிட்டாள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மகள் சொன்னதில் பிழையே இல்லை. சாட்பாட் படித்த தமிழில் பெரும்பகுதி செய்தி, கட்டுரை என்று எழுத்துத் தமிழ்தான். சும்மா விட்டால் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும். எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று நீங்கள்தான் முதலில் சொல்லிவைக்க வேண்டும். பேச ஆரம்பிக்கும் முன் இதைத் தட்டச்சு செய்துவிடுங்கள்:

"மதுரைப் பக்கம் வீட்டில் பேசுகிற தமிழில் பேசு. சாப்ட்டேன், வந்துட்டேன், போறாங்க எல்லாம் சரியான வடிவங்கள், மாற்றாதே. ஒரு முறைக்குச் சின்னதாக ஒரு வாக்கியம், ஒரு கேள்வி போதும். 'தவறு' என்று சொல்லாதே. குழந்தை பிழையாகச் சொன்னால் சரியான வடிவத்தை உன் பதிலுக்குள் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். ஒரு பதிலில் ஒரு பிழையைத்தான் எடுக்க வேண்டும்."

கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் உண்மையான பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. "நான் பசி" என்பார்கள். ஆங்கிலத்தில் 'நான்' வருகிற இடத்தில் தமிழில் 'எனக்கு' வரும் என்பது அவர்களுக்குப் பிடிபடாது. இதற்கு "உனக்குப் பசிக்குதா? தோசை வேணுமா, இட்லி வேணுமா?" என்று பதில் வந்தால் போதும். பிள்ளை அடுத்ததாக "எனக்குத் தோசை" என்று சொன்னால் பாடம் முடிந்தது. அதேபோல "பாட்டி வந்தான்" என்றால் "பாட்டி வந்தாங்களா? என்ன கொண்டுவந்தாங்க?" அவ்வளவுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் சின்னக் குழந்தைகளிடம் யோசிக்காமல் செய்வதும் இதுதான்.

"ஸ்கூல்", "பஸ்" போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். நீங்களே வீட்டில் சொல்லாத 'பேருந்தை' அவளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அப்புறம், வயது. "7 வயதுக் குழந்தை" என்று மட்டும் சொன்னால் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு உரிய சொற்களோடு வந்து நிற்கும். புரிதலில் உங்கள் மகள் அந்த அளவுக்கு இருக்கலாம். பேச்சில் அவள் இன்னும் 3, 4 வயதுக் குழந்தை மாதிரிதான். ஆகவே வயதைச் சொல்வதைவிட, அவள் வாயில் ஏற்கெனவே வரும் இருபது, முப்பது சொற்களைக் கொடுத்து, ஒரு பேச்சில் புதிதாக இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது நல்லது. "ஏன்?" என்ற கேள்வியையும் தள்ளிவையுங்கள். அதற்குப் பதில் சொல்ல நீண்ட வாக்கியம் தேவை. அங்கேதான் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். "இதுவா, அதுவா?" என்று கேட்டால், விடைக்கான சொல் கேள்வியிலேயே இருக்கும்.

உச்சரிப்பை மட்டும் இதனிடம் ஒப்படைக்காதீர்கள். பல சாட்பாட்களில் பேச்சு முதலில் எழுத்தாக மாறி, அந்த எழுத்துதான் அதற்குப் போய்ச் சேர்கிறது. பிள்ளை "பலம்" என்று சொன்னாலும் சூழலைப் பார்த்து "பழம்" என்று அதுவே எழுதிக்கொள்ளலாம். ழகரம் வரவில்லை என்பது தெரியாமலே போய்விடும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சின்னக் குழந்தையின் குரலையும் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சையும் தப்பாகக் கேட்டுவிட்டு, அவள் செய்யாத பிழையைத் திருத்தும். திரையில் பேச்சின் எழுத்து வடிவம் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். அடிக்கடி வேறு ஏதோ எழுதுகிறது என்றால் குறை பிள்ளையிடம் இல்லை. மொழியைத் தானாகக் கண்டுபிடிக்க விடாமல் தமிழ் என்று அமைத்துப் பாருங்கள்.

பேச்சு நீண்டால் அது மறுபடியும் "உண்கிறாயா" என்று எழுத்துத் தமிழுக்குத் திரும்பிவிடலாம். ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிட்டு, மறுநாள் அதே குறிப்போடு புதிதாக ஆரம்பியுங்கள். பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள அனுமதிப்பதில்லை. விதியைப் படித்துவிட்டு, உங்கள் கணக்கில், நீங்கள் கூட இருக்கும்போது மட்டும் பேசட்டும். முழுப்பெயர், பள்ளியின் பெயர் வேண்டாம்.

பேச்சுக்கு ஒரு காரணமும் வேண்டும். என் வார இறுதி வகுப்புப் பிள்ளைகளிடம் பலித்தது ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போடுவீர்கள் அல்லவா? அம்மாச்சியிடம் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களைச் சனிக்கிழமை சாட்பாட்டிடம் பேசிப் பார்க்கட்டும். அம்மாச்சி என்ற சொல்லையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரையும் பாட்டி ஆக்கிவிடும். அடுத்த மாதம் போனில் அம்மாச்சி கேட்காமலே இவளாக ஒரு கேள்வி கேட்கிறாளா என்று கவனியுங்கள். அது நடக்கவில்லை என்றால் சாட்பாட் நேரத்தைக் குறைத்து, அந்தப் போன் நேரத்தைக் கூட்டுங்கள்.