இறால் குளமும் 18,000 ரூபா போத்தலும்

குஞ்சு வாங்கேக்க பிசிஆர் ரிப்போர்ட் கட்டாயம் கேக்கோணுமா? ஹாச்சரிக்காரர் "நம்பி எடுங்க" எண்டுறார். (முந்தல்)

கேக்கோணும். நீங்க எடுக்கிற அதே தொட்டிக் குஞ்சுக்கு, வெள்ளைப்புள்ளி வைரசுக்குப் பாத்த ரிப்போர்ட்டா இருக்கோணும்.

தீன் மூட்டை பாதி விலைக்குக் கிடைச்சுது, பிரிச்சா பூஞ்சணம். காய வைச்சுப் போடலாமா? (சிலாபம்)

போடக்கூடாது. பூஞ்சண நஞ்சு வெயிலுக்குப் போகாது. மூட்டையில திகதி அடிச்சிருக்கிறது வாசிக்கத்தான் தம்பி.

அக்கா, குஞ்சு விட்டு 35 நாள். மூண்டு நாளா தட்டில தீன் மிஞ்சுது, கொஞ்ச இறால் கரையோரம் வந்து நிக்குது. கடையில வெள்ளைப்புள்ளிக்கு மருந்தெண்டு 18,000 ரூபா போத்தல் தந்தாங்க. ஒண்டும் மாறேல்ல. காசு திரும்பக் கிடைக்குமா? (உடப்பு)

உங்களில பிழை இல்லை. வெள்ளைப்புள்ளி வைரஸ், அதுக்கு உலகத்தில மருந்தே இல்லை, இது தெரிஞ்சுகொண்டே பயந்து வாற ஆக்களுக்குப் போத்தல் விக்கிறவங்கள நினைச்சா எனக்கு வயிறு எரியும். பில்லையும் போத்தலையும் பத்திரமா வைச்சுக்கொண்டு 1977க்கு அடிச்சு நுகர்வோர் அதிகாரசபையிட்ட முறையிடுங்க. மருந்தெண்டு பில்லில எழுதியிருந்தா உங்கட பக்கம் பலம்.

ஆனா இது வெள்ளைப்புள்ளிதானா எண்டே இன்னும் தெரியாதே! விடிய 5 மணிக்குப் போய்ப் பாருங்க. அந்த நேரம் மட்டும் இறால் மேல வந்து நிண்டு, வெயில் ஏற கீழ போனா ஒட்சிசன் குறைவு. லீட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழ எண்டா தீனைக் குறைச்சு காத்தாடியை ராவு முழுக்க ஓட விடுங்க. பகல்லயும் கரையிலயே சோர்ந்து நிண்டா ஒண்டைப் பிடிச்சு தலை ஓட்டைக் கழட்டி வெளிச்சத்தில பிடிங்க. விரலால தேய்ச்சும் போகாத வெள்ளைப் பொட்டு இருந்தா சந்தேகம் பலமாகுது, பொட்டு இல்லாட்டியும் நோய் இல்லையெண்டு சொல்லேலாது, பிசிஆர்தான் முடிவு. அதுவரைக்கும் குளத்துத் தண்ணியை வாய்க்காலுக்குத் திறக்காதீங்க, அடுத்தவன் அதைத்தான் உள்ள எடுக்கிறான். நக்டா எண்ட நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை ஒபிசருக்கும் இண்டைக்கே சொல்லுங்க.

ஒன்லைன்ல மலிவு பிஎச் மீட்டர் வாங்கலாமா? (புத்தளம்)

நானும் வாங்கினனான். மச்சானிட குளத்துக்கு எண்டு வெள்ளவத்தையில இருந்து பெருமையாக் கொண்டுபோய்க் குடுத்தன். அது 7.2 எண்டு காட்டக் காட்ட அவர் சுண்ணாம்பைக் கொட்டினார், பிறகு நல்ல மீட்டரால பாத்தா 8.8. பிஎச் ஏற ஏற தண்ணியில இருக்கிற அமோனியா இன்னும் நஞ்சாகும், அதால இறால் தீன் எடுக்கிறதையே குறைச்சிட்டுது. மீட்டரோட 7, 10 ரெண்டு பஃபர் கரைசலும் வாங்கி, கிழமைக்கு ஒருக்கா சரி பாத்தா மலிவு மீட்டரும் ஓடும். காலமையும் பின்னேரம் 3 மணிக்கும் அளவுங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் 0.5ஐத் தாண்டினா பாசி கூடிப்போச்சு. மச்சான் இப்பவும் அந்தப் பழைய மீட்டரை நான் வாற நாளில மேசையில எடுத்து வைப்பார்.