ஒரே ஓடர், இரண்டு பார்சல், வராத சாமான்: கேள்வி பதில்

கேள்வி (விசுவமடு, தோட்டம் செய்பவர்): தம்பி, சீனத் தளம் ஒன்றில் தண்ணி தூவும் நொசில் ஒரு பக்கெற், பிரஷர் கேஜ், பம்புக்கு ரைமர் மூன்றும் ஒரே ஓடரில் போட்டேன். நொசிலும் கேஜும் வந்துவிட்டன. ரைமர் இல்லை. தளத்தில் Delivered என்று காட்டுகிறது. என் காசு போனதா?

பதில்: போகவில்லை ஐயா. ஆனால் ஒன்றையும் அமத்தாமல் முதலில் ஓடரைத் திறந்து, ஒவ்வொரு சாமானுக்கும் கீழே உள்ள ட்ராக்கிங் நம்பரைத் தனித்தனியாகப் பாருங்கள். விற்பவர் ஒரே ஓடரை இரண்டு மூன்று பார்சலாகப் பிரித்து அனுப்புவது வழக்கம். மேலே தெரியும் Delivered சில நேரம் முதலில் வந்த பார்சலை மட்டுமே குறிக்கும்.

ரைமருக்கு வேறு நம்பர் இருந்து, அது இன்னும் வழியில் என்று காட்டினால், தளம் தந்திருக்கும் கடைசி டெலிவரித் தேதி வரை பொறுங்கள். நம்பரே இல்லையென்றால் பெரும்பாலும் விற்பவர் அதை இன்னும் அனுப்பவில்லை. மூன்றாவது வகைதான் எங்கள் ஆட்களைக் கவிழ்ப்பது: மூன்று சாமானுக்கும் ஒரே நம்பர். அப்படியென்றால் தளத்தின் கணக்கில் ரைமர் நீங்கள் உடைத்த அதே பைக்குள் இருந்திருக்க வேண்டும்.

அந்த நிலையில் ‘பார்சல் கிடைக்கவில்லை’ என்ற காரணத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். அந்த நம்பர் டெலிவரி ஆனதாகப் பதிந்திருக்கிறது, பார்த்த உடனே மறுத்துவிடுவார்கள். ‘பார்சலில் சாமான் குறைகிறது’ என்ற காரணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

Confirm received பொத்தானையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். ஓடர் முழுவதும் கைக்கு வந்துவிட்டது என்று நீங்களே எழுதிக் கொடுப்பது போலாகிவிடும்.

கேள்வி (அதே ஐயா): ஒரே நம்பர்தான் போட்டிருக்கு. ரைமர் வரவில்லை என்று எப்படிக் காட்டுவது? இல்லாததைப் படம் எடுக்க முடியுமா?

பதில்: நிறையைக் காட்டலாம். பையின் லேபிளில் நிறை அச்சாகியிருக்கும். லேபிள் தெரியும்படி பையையும் வந்த இரண்டு சாமானையும் ஒரே படத்தில் எடுங்கள். பிறகு பையோடு சேர்த்து பலசரக்குக் கடைத் தராசில் வைத்து, தராசின் எண் தெரிய இன்னொரு படம். லேபிளில் 0.21 கிலோ இருந்து, தராசும் 0.20 காட்டி, விற்பவரின் பக்கத்திலேயே ரைமரின் நிறை 0.40 கிலோ என்று இருந்தால், அது அந்தப் பைக்குள் ஏறவே இல்லை. இதை இரண்டு வரியில் எழுதிப் படங்களோடு போடுங்கள், நீட்டி முழக்க வேண்டாம். லேபிள் நிறையை சில களஞ்சியங்களில் நிறுக்காமல் குத்துமதிப்பாக அடிப்பதும் உண்டு. அதனால் அது பொருந்தாவிட்டாலும் தராசுப் படத்தை விட வேண்டாம்.

கேட்கும் தொகையிலும் கவனம் தேவை. ரைமர் 12 டொலர், நொசில் 8, கேஜ் 5, மொத்தம் 25 என்று வையுங்கள். கூப்பன் 2.50 கழிந்து 22.50 கட்டியிருந்தால், கழிவு மூன்று சாமானுக்கும் பரவும். ரைமருக்கு உரியது 10.80. முழு 22.50 கேட்டால், வந்த சாமானுக்கும் காசு கேட்கிறார் என்று விற்பவர் படம் போட்டு எதிர்ப்பார், நியாயமான பங்கும் இழுபடும்.

கேள்வி (மல்லாவி): அண்ணா, ஒரு பார்சல் வந்துவிட்டால் மற்றதுக்கு ரீஃபண்ட் இல்லை என்று எங்கள் கடைக்காரர் சொல்கிறார். பிழையா?

பதில்: பாதி சரி. நீங்களே பெற்றுவிட்டதாக உறுதி செய்து, முறைப்பாட்டுக் காலமும் முடிந்துவிட்டால் அவர் சொல்வதுதான் நடக்கும். காலத்துக்குள் என்றால் சாமான் வாரியாகக் கேட்கலாம். ஈபேயில் கடைசியாக எதிர்பார்த்த டெலிவரித் தேதியிலிருந்து 30 நாள் இருக்கிறது. மற்றத் தளங்களில் உங்கள் ஓடர் பக்கத்திலேயே தேதி போட்டிருக்கும், அதைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

‘முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள், திரும்ப அனுப்புகிறேன்’ என்று விற்பவர் எழுதுவார். எடுக்க வேண்டாம். திரும்ப அனுப்பியது வந்து சேர முன் உங்கள் நாள் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பல தளங்களில் மறுபடி திறக்க விடமாட்டார்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எனக்கு வந்த மோட்டரின் மூடி வெடித்திருக்கு. இதற்கும் நிறை போட்டுப் பார்க்கவா?

பதில்: உங்கள் விசயம் வேறு, தங்கச்சி. சாமான் வந்திருக்கிறது, சேதமாகி வந்திருக்கிறது. வெடித்த இடத்தையும் பெட்டியின் நசுங்கிய பக்கத்தையும் படம் எடுத்து, சேதம் என்ற காரணத்தில் போடுங்கள். பெட்டியை எறிந்துவிட வேண்டாம்.

கேள்வி (மாங்குளம்): எனக்கு இரண்டு நம்பர். இரண்டாவதும் Delivered. ஆனால் கையில் ஒன்றும் வரவில்லை.

பதில்: முதலில் உங்கள் உப தபாற்கந்தோருக்குப் போங்கள். நம்பரைத் தாளில் எழுதிக் கொண்டு போனால் தேடுவது இலகு. நம்பர் R எழுத்தில் தொடங்கினால் அது பதிவுத் தபால், கையெழுத்து வாங்கித்தான் கொடுத்திருப்பார்கள். யார் வைத்த கையெழுத்து என்று கேட்கலாம். சாதாரணச் சிறு பொதியென்றால் கையெழுத்து இருக்காது. எங்கள் பக்கம் வீட்டு இலக்கம் இல்லாத முகவரி நிறைய, சந்திக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அங்கேயும் ஒருக்கால் கேளுங்கள்.

எங்கும் இல்லையென்றால், அந்த நம்பரில் பொதி கிடைக்கவில்லை என்று தபால் அதிபருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, ஏற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு பிரதி வாங்குங்கள். தளத்தில் அதைப் படமாகப் போடலாம். இங்கே நீங்கள் எடுக்க வேண்டிய காரணம் ‘கிடைக்கவில்லை’ என்பது. விசுவமடு ஐயாவுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

இடையில் ஒருவர் (புதுக்குடியிருப்பு): நான் ஓய்வு பெற்ற தபால்காரன். முகவரியில் தொலைபேசி நம்பரைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். பாதி பொதி அதாலேதான் தப்பும்.

பதில்: உண்மை ஐயா. சேர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி (வவுனியா): உள்ளூர் தளம், பொதி வந்த பின் காசு. நாலு சாமானில் இரண்டுதான் கொண்டு வந்தார்கள். முழுக் காசையும் கேட்கிறார்கள்.

பதில்: அந்தப் பொதியின் லேபிளில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று இருக்கிறதோ அதை மட்டும் கொடுங்கள், அக்கா. இரண்டு பொதியாகப் பிரிந்தால் தொகையும் பிரிந்திருக்க வேண்டும். இரண்டு சாமானுள்ள பொதியில் நாலு சாமானின் விலை போட்டிருந்தால் வாங்காமல் திருப்பி விடுவது பாதுகாப்பு. கொடுத்துவிட்டீர்கள் என்றால் லேபிளையும் பற்றுச்சீட்டையும் வைத்துத் தளத்தில் கேளுங்கள். அவர்கள் கை விரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 இல் முறையிடலாம். சீனத்திலுள்ள விற்பவருக்கு அந்த வழி பயன்படாது, அங்கே தளமும் உங்கள் வங்கியும்தான். கார்டில் கட்டியிருந்தால், சாமான் வரவில்லை என்று வங்கியில் பணத்தை மீளப்பெற விண்ணப்பிக்கலாம். கால எல்லை வங்கிக்கு வங்கி மாறும், தளம் மறுத்த உடனே கேளுங்கள். முதலில் தளத்தில் முயன்றதற்கான பதிலையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): ரைமருக்கு ரீஃபண்ட் வாங்கி இரண்டு மாதம் கழித்து பார்சலும் வந்துவிட்டது. வைத்திருக்கலாமா?

பதில்: விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பி, வந்துவிட்டது, எப்படிக் காசு தரலாம் என்று கேளுங்கள். சிலர் வழி சொல்வார்கள், பலர் பதிலே தர மாட்டார்கள். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதில் என் நண்பர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. நான் காசை ஒதுக்கி வைத்து இன்னொரு முறை கேட்பேன். செய்தியையும் அழிக்காமல் வைத்திருப்பேன்.

கேள்வி (விசுவமடு ஐயா, மறுபடி): போட்டுவிட்டேன். 10.80 தருவதாக எழுதியிருக்கிறான். ரூபாயில் குறைவாக வருமா?

பதில்: வங்கி அன்றைய மாற்று விகிதத்தில்தான் வரவு வைக்கும். கட்டிய நாளுக்கும் இன்றைக்கும் டொலர் மாறியிருந்தால் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். கார்டுக்கு வந்து சேர சில நாள் எடுக்கும், அதுவரை ஓடர் பக்கத்தில் தொகை 10.80 என்றே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.