போனில் இருக்கும் சாட்சி

ஐயா, என் கணவர் இரண்டு வருடமாகக் கொழும்பில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளின் செலவுக்கும் எதுவும் தருவதில்லை. தாபரிப்பு வழக்குப் போடப்போகிறேன். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், நான் பதிவு செய்த கோல்கள், அவர் வீட்டுக்கு வந்தபோது அவருடைய போனுக்குள் இருந்து நான் எடுத்த படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நீதிமன்றம் இவற்றை ஏற்குமா?
– ஒரு வாசகி, விசுவமடு

தங்கச்சி,

ஏற்க இடமுண்டு. ஆனால் எதை நிரூபிக்க என்பதை முதலில் பாருங்கள். தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது. 1999 இன் 37 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே இரண்டு விடயம்தான் முக்கியம்: அவரிடம் தரக்கூடிய வசதி இருக்கிறதா, இருந்தும் தராமல் விட்டாரா. "சம்பளம் வந்திட்டுது, ஆனா உனக்கு ஒரு சதமும் தரமாட்டன்" என்று ஒரு குரல் செய்தி இருந்தால், அது நூறு சண்டைச் செய்திகளைவிடப் பெரியது. அவர் யாருடன் பழகுகிறார் என்ற படங்களுக்கு இங்கே அதிக வேலை இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் மணநீக்கம் கேட்கும் நாளில்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண் முப்பது பக்க வாட்ஸ்அப் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்தார். மேலே 'அப்பா' என்று மட்டும் இருந்தது. பிள்ளைகளின் அப்பா என்று நினைத்து அப்படிச் சேமித்திருக்கிறார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "இது உங்கள் தகப்பனார் அனுப்பியதா?" என்று கேட்டார். மன்றில் சிரிப்பு. சரி, போனைக் காட்டலாம் என்றால், திரை உடைந்து திருத்தக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பிறகு அவரைக் காப்பாற்றியது கணவர் முன்பு பொலிஸில் கொடுத்த ஒரு முறைப்பாடு. அதில் அவரே தன் தொலைபேசி இலக்கமாக அதே இலக்கத்தைக் கொடுத்திருந்தார். அந்த இலக்கத்தின் பழைய பில் ஒன்றும் அந்தப் பெண்ணிடம் இருந்தது.

அதனால் செய்தி வந்த போனை மாற்றவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். படம் எடுக்கும்போது பெயரைத் தட்டி, இலக்கம் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். திகதி வரி தெரிய வேண்டும். ஒரு படத்தின் கடைசிச் செய்தி அடுத்த படத்தின் முதல் செய்தியாக வரட்டும். அப்போது இடையில் வெட்டியது என்று சொல்ல முடியாது. Export chat மூலம் வரும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். அது துணைக்கு மட்டும். நீங்கள் எடுத்த வேறு படங்களைச் சட்டத்தரணிக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், எப்போது எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் விபரம் அழிந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கோல் பதிவு விடயத்தில், பேசிய இருவரில் நீங்களும் ஒருவர். அதனால் பதிவு செய்தவர் என்று நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லலாம். 1995 இன் 14 ஆம் இலக்கச் சான்றுச் சட்டம் இத்தகைய பதிவுகளை அனுமதிக்கிறது. ஆனால் கருவி சரியாக வேலை செய்தது, பதிவில் கை வைக்கப்படவில்லை, அது பத்திரமாக இருந்தது என்று காட்ட வேண்டும். அவர் திட்டுகிற பகுதியை மட்டும் வெட்டிக் கொடுப்பது இங்கேதான் காலை வாரும். நீங்கள் திட்டிய பகுதியையும் சேர்த்து முழுசாகக் கொடுங்கள். சொல்லுக்குச் சொல் எழுதிய பிரதியும் கூட வேண்டும், வழக்கு நடப்பது தமிழில்தானே.

அவருடைய போனுக்குள் போய் எடுத்த படங்கள்தான் எனக்குப் பயம். நீதிமன்றம் பெரும்பாலும் பார்ப்பது ஒரு விடயம் வழக்குக்குச் சம்பந்தமானதா என்று. எப்படிக் கிடைத்தது என்பதற்காக மட்டும் அதைத் தூக்கி எறிவது குறைவு. ஆனால் அனுமதியில்லாமல் இன்னொருவர் கருவிக்குள் நுழைவது 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் தனிக் குற்றம். தாபரிப்புக் கேட்கப் போன நீங்கள் எதிரியாக நிற்க வேண்டி வரலாம். கடவுச்சொல் உங்களுக்குத் தெரியும் என்பது அனுமதி ஆகாது. அந்தப் படங்களைச் சட்டத்தரணிக்கு மட்டும் காட்டுங்கள், உறவுக்காரருக்கும் முகநூலுக்கும் போகக் கூடாது. அவருடைய வருமானத்தைக் காட்ட வேறு வழி உண்டு: வேலை கொடுப்பவரையும் வங்கியையும் நீதிமன்றம் மூலம் அழைப்பிக்கலாம்.

இன்னொன்று. 1995 சட்டத்தின் கீழ் ஒரு பதிவைச் சமர்ப்பிப்பதானால், விசாரணைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்பே பட்டியலையும் பிரதியையும் நீதிமன்றில் கொடுத்து, மறுதரப்புக்கும் அறிவிக்க வேண்டும். 2006 இன் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அந்தக் கெடு இல்லை என்று சொல்லும் சட்டத்தரணிகளும் உண்டு. அந்த வாதத்தை நம்பியிருக்காமல், தவணை தெரிந்த அன்றே நாட்காட்டியில் 45 நாள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நாள் போதாது என்றால் தவணையைத் தள்ளிக் குறிக்கும்படி உங்கள் சட்டத்தரணியை அன்றே கேட்கச் சொல்லுங்கள்.